அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பயணத்தாள்: செவ்வாய் இரவா, புதன் இரவா?

சுந்தர், டொராண்டோ

கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் சென்னை, துபாய் வழியாக இங்கே வந்தார்கள். டிக்கெட்டில் புறப்பாடு 12 மார்ச், புதன், 00:50. நான் அதை 'மார்ச் 12, புதன்கிழமை, இரவு 12.50' என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அனுப்பினேன். பிழை ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். பஞ்சாங்கம் பார்க்கிறவர், நள்ளிரவில் கிழமையை மாற்ற மாட்டார். புதன்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். விமானம் போன பிறகு சென்னைக்கு வந்து இறங்கியிருப்பார்கள்! ஞாயிறன்று அத்தான் பேச்சுவாக்கில் "என்றைக்கு வண்டி, மாமா?" என்று கேட்டதால் தப்பித்தோம்.

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்: 'மார்ச் 11, செவ்வாய் இரவு 8 மணிக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அன்று இரவு தூக்கம் விமானத்தில்தான். டிக்கெட்டில் 12 என்று இருக்கும், குழம்ப வேண்டாம்.' உங்கள் வீட்டில் எப்படி எழுதினீர்கள்?

முருகேசன், சிட்னி

நான் இவ்வளவு எழுதவே இல்லை. சென்னையில் பெட்டியைப் போட்டால் கடைசி ஊரில்தான் எடுக்க வேண்டும். நடுவில் கவலையே கிடையாது. என் பெற்றோர் சிங்கப்பூரில் கைப்பையோடு மட்டும் மாறி வந்தார்கள். அதிகம் எழுதினால் பயம்தான் கூடும்.

ஃபாத்திமா, திருச்சி

பயண முகவர் அலுவலகத்தில் 18 ஆண்டு இருந்தவள் சொல்கிறேன். முருகேசன் தம்பி, உங்கள் வழிக்கு அது சரி. அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாறுகிறவர்களுக்குச் சரிவராது. சென்னை, ஃபிராங்க்பர்ட், சிகாகோ, டாலஸ் என்று போனால், பெட்டியில் டாலஸ் சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாகச் சிகாகோவிலேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். 'பெட்டி நேராக டாலஸ் வரும்' என்று மகள் எழுதிக் கொடுத்ததை நம்பி, ஒரு தாத்தா சிகாகோவில் பெட்டியை எடுக்காமலே நடந்துவிட்டார். அவர் டாலஸ் சேர்ந்தார். பெட்டி சேர மூன்று நாள்.

இன்னொன்று. பலகையில் பார்க்க வேண்டியதைத் தமிழாக்காதீர்கள். 'வாயில் பி 14' என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாத அம்மா அதை எங்கே தேடுவார்? B14 என்று அதே உருவத்தில் எழுதுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் கோலம் போடுகிற கண்ணுக்கு உருவம் பொருந்துவது தெரியும். அதிலும் கேட் எண் கடைசி நேரத்தில் மாறும். அதற்கு இடம் காலியாக விட்டு, விமான எண்ணைத்தான் பெரிதாக எழுத வேண்டும்.

கோமதி, மதுரை

மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் தூதரகத்தில் ஏற்க மாட்டார்களே? என் மாமியாரின் பிறப்புச் சான்றிதழுக்கு நான்கு முறை அலைந்தேன்.

சுந்தர், டொராண்டோ

அது விசாவுக்கு, அக்கா. இது அம்மா கைப்பையில் வைத்துக்கொள்ளும் தாள்.

லட்சுமி, ஹூஸ்டன்

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். முன்பதிவில் உணவு HNML என்று இருந்தது. 'இந்து உணவு' என்று எழுதிக் கொடுத்தேன். சைவம் என்று நம்பி அம்மா மூடியைத் திறந்தால் கோழி! பத்து மணி நேரம் பன்னும் தயிருமாக வந்தார்.

ஃபாத்திமா, திருச்சி

பலர் ஏமாறும் இடம் அது. HNML-இல் மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். நம் ஊர்ச் சைவத்துக்கு AVML. தாளில் எழுதுவதற்கு முன் முன்பதிவிலேயே மாற்றியிருக்க வேண்டும், அம்மா.

முருகேசன், சிட்னி

நேரத்தை எப்படி எழுதுவது? நான் எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதினேன். அப்பா கைக்கடிகாரத்தை மாற்றவே மாட்டார்.

லட்சுமி, ஹூஸ்டன்

விமான நிலையக் கடிகாரம் அந்த ஊர் நேரத்தைத்தானே காட்டும்? அந்தந்த ஊர் நேரமே நல்லது.

சுந்தர், டொராண்டோ

நான் இரண்டையும் எழுதினேன்; அம்மா இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டார். துபாயில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் 'நான்கு மணி நேரம், இரண்டு முறை காபி குடிக்கலாம்' என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவருக்கு அது போதுமாயிருந்தது. அப்பாதான் விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் இரவுக்குப் போடுவது என்று கேட்டார். தாளில் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டு, மருத்துவரிடம் எழுதி வாங்கச் சொன்னேன். உங்களில் யாராவது அதை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?