பொருள்: சல்வார் பட்டியலுக்கு ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

கல்முனையிலிருந்து:
அன்பர்களே, எங்கள் கடைப் பட்டியலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தைக்காதது, தைத்தது இரண்டும் யாருக்கும் விளங்கும். செமி ஸ்டிச்ட் என்பதற்கு 'அரைத்தையல்' என்று போட்டு மாட்டிக்கொண்டேன். செட்டில் பாதி, அதாவது மேற்சட்டை, தைத்து முடிந்தே வரும் என்று நினைத்து அக்கரைப்பற்றுப் பெண் ஒருவர் வாங்கிவிட்டார். அவருடைய மார்பளவு 46 அங்குலம். வந்ததோ 42க்குமேல் இடம் கொடாது. திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, 'தைக்காத' எதற்கு? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகத் 'தையாத் துணி' என்க. அதிலும் நன்று 'கோடி'. புதுத்துணிக்கு நம் முன்னோர் இட்ட பெயர். தையலுக்குத் துன்னம். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்திலேயே துன்னகாரர் இருக்கிறார்கள். ஆகவே நடுவகை 'குறைத்துன்னம்'.

மட்டக்களப்பிலிருந்து:
சேர், கோடி என்று விற்றால் செத்த வீடுதான் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். நான் வாங்கிய தைத்த சல்வார் முதல் தோய்ப்பிலேயே சுருங்கிவிட்டது. அதற்கும் ஒரு சொல் வைக்கக் கூடாதா?

மருதமுனை, தையல்காரர்:
சொல் நம் கையில் இருக்கிறது. சாரம் வாங்கும்போது மூட்டியதா, மூட்டாததா என்று கேட்கிறோமே! இந்த மேற்சட்டையில் கழுத்து வேலை முடிந்திருக்கும், கீழ்விளிம்பு மடித்திருக்கும், பக்கங்கள் மட்டும் திறந்திருக்கும். கைத்துணி பெரும்பாலும் உள்ளே செருகிக் கிடக்கும். ஆகவே 'பக்கம் மூட்டாதது'. பிடித்துச் சிறிதாக்கலாம், 42ஐ 46 ஆக்க முடியாது. உயரத்தையும் கூட்ட இயலாது. காற்சட்டை வெறும் துணியாகத்தான் வரும். அதைத் தனி வரியில் சொல்லுங்கள்.

ஆசிரியர்:
மூட்டுவது நெருப்பை. 'மூட்டாத சல்வார்' என்றால் இன்னும் கொளுத்தாத சல்வார்.

கல்முனை:
இப்படி எழுதியிருக்கிறேன்: 'மேற்சட்டை: பக்கம் மூட்டாதது, மார்பளவு 42 அங்குலம் வரை. காற்சட்டை: தைக்காத துணி, 2 யார். சால்: 2.25 யார்.' முழுவதும் தைக்காத செட்டுக்கு மேற்சட்டைத் துணி 2.5 யார்.

தையல்காரர்:
பொதியில் யாரா, மீற்றரா? பாருங்கள். 2.5 மீற்றரை நம்பி நீளக்கை கேட்பார்கள். 2.5 யார் என்பது 2.29 மீற்றர்தான், குறைகிற 21 சென்டிமீற்றரில் கை போய்விடும். துணியின் அகலமும் வேண்டும். 44 அங்குல அகலத்தில் போதுமான நீளம் 36இல் போதாது.

கல்முனை:
மீற்றர்தான், என் பிழை. அகலத்தை அளந்து சேர்த்துவிட்டேன். நாளை வெள்ளிக்கிழமை, 'பக்கம் மூட்டாதது' அச்சுக்குப் போகிறது.

ஆசிரியர்:
போகட்டும். துன்னத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாமே.