மழைநீர் உறிஞ்சு குழியில் மணல் கீழே இறங்கிவிட்டது: அடுக்குகளை எப்படி மாற்றுவது?

கொடுங்கையூர் வீட்டுக்காரர்:
எங்கள் வீட்டுக் குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழம் உடையது. மேஸ்திரி அடியில் 3 அடிக்கு ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொட்டி, அதன்மேல் நேராக 1 அடி மணலைப் பரப்பி, மேலே 1 அடியைக் காலியாக விட்டார். முதல் பெருமழையிலேயே மணல் மட்டம் அரை அடி இறங்கிவிட்டது. மேலும் மணல் போட்டால் போதுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
போதாது, ஐயா, போடுகிற மணலும் அதே வழியில்தான் போகும். 40 மி.மீ. ஜல்லியின் சந்துகள் 2 மி.மீ. மணலைத் தாங்கா. இடையில் 6 முதல் 10 மி.மீ. வரையிலான சிப்ஸ் ஜல்லி 1 அடி இருக்க வேண்டும்.

இறங்கியது 9 சதுர அடிப் பரப்பில் அரை அடி, அதாவது நாலரை கன அடி. ஜல்லியில் சந்து ஏறக்குறைய 40 சதவீதம் என்பதால், அந்த மணல் குறைந்தது ஒன்றேகால் அடி உயர ஜல்லியை அடைத்திருக்கும். ஆகவே மணலை அள்ளியபின் மேல் ஒன்றரை அடி ஜல்லியையும் எடுத்துக் கழுவி, அதில் அரை அடி உயரத்துக்கு மட்டும் திரும்பப் போடுங்கள். அப்போது ஜல்லி 2 அடி, சிப்ஸ் 1 அடி, மணல் 1 அடி என்று அமையும். சிப்ஸ் 9 கன அடி வாங்கினால் போதும். கடைக்காரர் அரை யூனிட்டுக்கு, அதாவது 50 கன அடிக்கு, குறைந்து தரமாட்டேன் என்பார், மசிய வேண்டாம்.

பெரம்பூர் வாசகி:
ஜல்லிக்கு மேல் நைலான் வலை விரித்தாலே மணல் நின்றுவிடுமே, சிப்ஸ் எதற்கு?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வலை மணலைப் பிடிக்கும் என்பது சரிதான், அம்மா. ஆனால் சிப்ஸ் இல்லாமல் வலையை மட்டும் நம்பினால், கூர்மையான ஜல்லி முனைகளின்மேல் மணல் பாரம் அழுத்தி வலை கிழியக்கூடும். கண் நெருக்கமான வலை வண்டலால் அடைபடும். மணலுக்கும் சிப்ஸுக்கும் நடுவில் விரித்தால், ஆண்டுதோறும் மேல்மணலை அள்ளிக் கழுவுவது எளிதாகும்.

திருவொற்றியூர் அன்பர்:
எங்கள் பகுதி மணற்பாங்கானது. குழியில் விட்ட தண்ணீர் நிற்பதே இல்லை, ஆனாலும் கிணற்றில் உப்பு குறையவில்லை. மணலை அதிகமாக்கினால் குறையுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
குறையாது. மணல் அடுக்கு தூசியையும் வண்டலையும் தடுக்குமே தவிர, கரைந்திருக்கும் உப்பை நீக்காது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கொடுங்கையூர் வீட்டுக்காரர்:
ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் போடலாமா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் நீரோடு குலுக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல்மேல் மாவு போன்ற படலம் தடித்துப் படிந்தால், அது குழிக்கு உதவாது. சலித்துக் கழுவியபின் மீண்டும் பாருங்கள். இன்னொன்று, உங்கள் பக்கம் களிமண் என்பதால், ஜல்லியைப் பாதி எடுத்த நிலையில் நீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கியிருந்தால், அடுக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. களிமண்ணைத் தாண்டி மணற்படுகை வரை துளை இறக்க வேண்டியிருக்கும்.

கொடுங்கையூர் வீட்டுக்காரர்:
களிமண் எத்தனை அடி வரை இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் போர் போட்டவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதும் இங்கேயே எழுதுகிறேன்.