கலைச்சொல்: 'வெரிஃபையபிள் லிங்க்' = உறுதிச் சுட்டி?

குகன், கொக்குவில்:

வணக்கம். சான்றிதழ்களை ஸ்கான் செய்து இணையத்தில் பாதுகாப்பது பற்றி உயர்தர மாணவர்களுக்கு ஒரு கைநூல் எழுதுகிறேன். 'டிஜிட்டல் லொக்கர்' என்பதற்கு மின்பெட்டகம் என்று வைத்துவிட்டேன். நகையையும் காணிப் பத்திரத்தையும் பெட்டகத்தில் பூட்டி வைத்த ஊருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வேலை தருபவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நாம் அனுப்பும் சரிபார்ப்பு முகவரிக்குத்தான் சொல் தேடுகிறேன். மின்னஞ்சலோடு வரும் கோப்பையும் 'இணைப்பு' என்கிறோம். 'தொடுப்பு' என்றால் ஊர்ப்பேச்சில் வேறு பொருள். ஆகவே 'உறுதிச் சுட்டி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

வாசுகி, நல்லூர்:

குகன் தம்பி, 'உறுதி' வேண்டாம். நான் நொத்தாரிசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே உறுதி என்றால் காணி உறுதிதான். உங்கள் சொல்லைப் பக்கத்து மேசையில் இருப்பவரிடம் சொன்னேன், "காணி உறுதியை இனி இணையத்தில் பார்க்கலாமா?" என்று ஆவலோடு கேட்டார். இன்னொன்றும் கேட்கிறேன். அந்த முகவரி எதைத்தான் உறுதி செய்கிறது?

இளங்கோ, மானிப்பாய்:

அக்கா, இந்தியாவில் 2015 முதல் டிஜிலொக்கர் இருக்கிறது. அதிலுள்ள ஆவணம் மூலப்பிரதிக்குச் சமம் என்று விதியே உண்டு. பெட்டகத்தில் ஏறிவிட்டால் உறுதியானதுதானே?

மைதிலி, திருநெல்வேலி:

பாதிதான் சரி, இளங்கோ. டிஜிலொக்கரில் இரண்டு அறைகள் இருக்கின்றன. வழங்கிய நிறுவனமே நேரடியாக இடுபவை ஒன்றில். நாம் ஸ்கான் செய்து ஏற்றுபவை மற்றதில். நீங்கள் சொல்லும் சமநிலை முதல் அறைக்குத்தான்.

நேற்றிரவு வேறொரு மின்பெட்டகத்தில் என் சொந்தச் சான்றிதழை வைத்தே சோதித்துப் பார்த்தேன். ஸ்கான் படத்தில் இரசாயனவியலுக்கு நேரே இருந்த 'சி'யை 'ஏ' ஆக்கி ஏற்றினேன். சுட்டி கிடைத்தது. அதை இன்னொரு கணினியில் திறந்தபோது பூட்டுப் படமும் பச்சைக் குறியும் 'கோப்பு மாற்றப்படவில்லை' என்ற வரியும் வந்தன. பெட்டகம் பொய் சொல்லவில்லை. ஏற்றிய கணத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்பதே அது அறிந்தது. நான் கைவைத்தது அதற்கு முன்பு. கோப்பை உடனே அழித்துவிட்டேன்.

அடுத்து, மின்கையொப்பத்தோடு எனக்கு வழங்கப்பட்ட குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழை எடுத்தேன். அதன் நகலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றியதும், கையொப்பம் செல்லாது என்று கோப்பைத் திறந்த மென்பொருளே சொல்லிவிட்டது. ஆனால் அதையே அச்சிட்டு மறுபடி ஸ்கான் செய்தால் கையொப்பம் போய்விடும். வெறும் படம்தான் மிஞ்சும். பல மாணவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் கைநூலே பிள்ளைகளைத் தவறாக வழிநடத்தும். நாமே ஏற்றிய ஸ்கானைத் திறக்கும் சுட்டிக்குப் 'பிரதிச் சுட்டி', வழங்கியவரே உறுதி செய்ததைத் திறக்கும் சுட்டிக்கு 'அத்தாட்சிச் சுட்டி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பரமலிங்கம், சாவகச்சேரி:

பிள்ளைகளே, 1995 இடம்பெயர்வில் என் சாதாரணதரச் சான்றிதழ் தொலைந்தது. இந்தப் பெட்டகத்தில் தேடினால் கிடைக்குமா?

மைதிலி:

இல்லை ஐயா, பெட்டகத்தில் நாம் வைத்தது மட்டும்தான் இருக்கும். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால், பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்துப் பெறுபேற்றைச் சான்றிதழாகப் பெறலாம். நான் சொல்ல வந்ததும் இதுதான். தாள் தொலைந்தாலும் பெறுபேறு தொலைவதில்லை, ஏனென்றால் அது வழங்கியவரின் பதிவேட்டில் இருக்கிறது. அத்தாட்சிச் சுட்டி அந்தப் பதிவேட்டில் போய் முடிய வேண்டும். நம் ஸ்கானில் முடிந்தால் அது பிரதிச் சுட்டி.

பரமலிங்கம்:

சுட்டெண் நினைவில் இருக்கிறது, பிள்ளை. திங்கட்கிழமை விண்ணப்பிக்கிறேன்.

இளங்கோ:

விளங்கியது. ஆனால் 'அத்தாட்சி' பழைய கந்தோர்ச் சொல்லாக ஒலிக்கிறது. 'சான்றுச் சுட்டி' அழகாக இல்லையா?

வாசுகி:

அழகுதான். ஆனால் 'சான்றிதழின் சான்றுச் சுட்டி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சான்றிதழையே திறக்கும் சுட்டி என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். 'அத்தாட்சிப்படுத்தல்' படிவங்களில் எல்லோரும் பார்த்த சொல்.

மைதிலிக்கு ஒரு கேள்வி. சமாதான நீதவான் 'உண்மைப் பிரதி' என்று முத்திரையிட்டதை ஸ்கான் செய்து ஏற்றினால் அது எந்தப் பக்கம்?

மைதிலி:

பிரதிச் சுட்டிதான் அக்கா. முத்திரையும் படமாகிவிட்டது. அவர் தம் மின்கையொப்பத்தையே இட்டால், மூலத்தை அவர் பார்த்தார் என்பதற்கு அது அத்தாட்சியாகலாம். பெறுபேறு சரி என்பதற்கு அல்ல. அதற்கு மூன்றாவது சொல் வேண்டுமா என்று தெரியவில்லை.

குகன்:

இரண்டு சொற்களையும் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு இடம் விட்டுவைக்கிறேன். வேலை தருபவர்களுக்கான பக்கத்தில் இப்படி எழுதலாமா? "சுட்டியைத் திறந்ததும் முகவரிப் பட்டையைப் பாருங்கள். சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் தளப்பெயர் அங்கே இருந்தால் அது அத்தாட்சிச் சுட்டி. பெட்டகத்தின் பெயர் மட்டும் இருந்தால் பிரதிச் சுட்டி என்று எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கேளுங்கள்."

மைதிலி:

ஒரு வரி சேருங்கள். போலிச் சான்றிதழின் கியூஆர் குறி, நிறுவனத்தின் தளத்தைப் போலவே செய்த போலிப் பக்கத்துக்குக் கூட்டிச் செல்லலாம். பெயரில் ஓர் எழுத்துத்தான் வேறாக இருக்கும். ஆகவே நிறுவனத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து, அங்கே சான்றிதழ் இலக்கத்தை இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியப் பெட்டகத்தின் முதல் அறைக்கு உங்கள் வரி பொருந்தாது; அங்கே பெட்டகத்தின் பெயர்தான் தெரியும். அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.