கவுண்ட்-மின் ஸ்கெட்ச்: முதல் 20 இடத்திலும் ஒரே எண் நின்ற அனுபவம் உண்டா?

இரவுப்பணி

இது என்னை இன்னும் விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். தேடல் சொற்களில் அதிகம் வருகிற 20-ஐக் காட்டும் திரை. பின்னால் கவுண்ட்-மின் ஸ்கெட்ச், அதாவது ஒவ்வொரு சொல்லையும் வரிசைக்கு ஒரு கட்டத்தில் எண்ணி, கேட்கும்போது அந்தக் கட்டங்களில் மிகச் சிறிய எண்ணைத் தருகிற அட்டவணை. அகலம் 2,719, வரிசை 5, பக்கத்தில் முன்னணிச் சொற்கள் 20-ஐ வைத்திருக்கிற ஒரு ஹீப். அணியில் முன்பே இருந்த நிரல், சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது.

உண்மையான தரவோட்டத்தைத் திறந்து விட்டதும் முதலிடத்துச் சொல்லுக்குக் கீழே யாரும் கேள்விப்படாத ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் ஒரே எண். கிட்டத்தட்ட ஒரே எண் இல்லை, கடைசி இலக்கம் வரை ஒன்று. திரையைப் புதுப்பித்தால் இரண்டும் ஒன்றாகவே ஏறுகின்றன. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது, நான்காவது என்று வந்து, கடைசியில் 20 இடத்திலும் அதே எண். இருபதும் கைகோத்துக்கொண்டு ஏறியதைப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

காரணம் இந்த இரண்டு வரி:

```
for i in range(d):
    table[i][hash(key) % w] += 1
```

ஹாஷுக்குள் `i` போகவே இல்லை. ஐந்து வரிசையும் ஒன்றுக்கொன்று நகல். நகல்களில் மிகச் சிறியதை எடுத்தால் என்ன கிடைக்கும்? அதே எண்தான். வரிசை எண்ணைச் சீடாகக் கொடுத்து ஹாஷை மாற்றியதும் பட்டியல் ஒழுங்காகிவிட்டது. ஆனால் இது சோதனையில் ஏன் தெரியவில்லை என்பதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

அகலம்முக்கியம்

சோதனையில் எத்தனை வெவ்வேறு சொற்கள் இருந்தன? சில நூறுதான் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. 500 சொல்லை 2,719 கட்டத்தில் எறிந்தால், முதலிடத்துச் சொல்லின் கட்டத்தில் இன்னொரு சொல் விழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. நகல் வரிசையாக இருந்தாலும் விடை சரியாகவே வரும்.

உண்மையான ஓட்டத்தில் வெவ்வேறு சொற்கள் 10 லட்சம் என்று வையுங்கள். 10 லட்சத்தை 2,719-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்குச் சுமார் 368. முதலிடத்துச் சொல்லோடு ஒரே கட்டத்தில் ஏறத்தாழ 368 சொற்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரே ஒரு முறை வந்தாலும் போதும், அதன் மதிப்பு என்று முதலிடத்தின் மொத்த எண்ணும் கிடைக்கும், ஹீப் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த 20 பேரும் அந்த 368-இலிருந்து வந்தவர்கள்.

வரிசைகள் உண்மையிலேயே தனித்தனியாக இருந்தால், குறிப்பிட்ட இரண்டு சொற்கள் ஐந்திலும் மோத 2,719-இன் ஐந்தாம் அடுக்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றுக்குப் பின்னால் 17 பூஜ்யம் போடுகிற அளவு. அதனால் இரண்டு சாவிக்கு ஒரே பெரிய எண் வந்தால் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது, நேராக ஹாஷைப் போய்ப் பார்க்க வேண்டும். கோர்மோட், முத்துகிருஷ்ணன் இருவரும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் தரும் உத்தரவாதமே ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே ஹாஷ் எடுத்தால் மட்டும்தான் செல்லும்.

பொருள்எண்

எனக்கும் பொய் எண் வந்தது, ஆனால் ஹாஷில் பிழையே இல்லை. அதே அளவு: 2,719 அகலம், 5 வரிசை. ஒரு கோடி நிகழ்வு போன பிறகு, விற்பனையில் இல்லவே இல்லாத ஒரு பொருள் எண்ணைக் கேட்டேன். ஒரு முறைகூட வராத எண் அது. 1,730 என்று பதில் வந்தது! பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 1,730.

மோதல்தான் காரணம் என்று எனக்கும் தெரியும். வரிசை கூடினால் எல்லாவற்றிலும் மோதுகிற வாய்ப்பு குறைகிறது அல்லவா, அதனால் பத்தாக்கினேன். 1,690 ஆனது. குறைந்தது உண்மை. இன்னும் 20, 30 என்று கூட்டிக்கொண்டே போனால் சரியாகிவிடும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், நினைவகம்தான் இடிக்கிறது. இரவுப்பணிக்கும் அதையே சொல்வேன், வரிசையை அதிகமாக வையுங்கள்.

அகலம்முக்கியம்

பொருள்எண், பாதி சரி. மோதல்தான், ஆனால் உங்களுடையது வேறு வகை மோதல். பெரிய சாவி ஒன்றோடு மோதுவதை வரிசைகள் தீர்த்துவைக்கும், ஏனென்றால் ஒரு வரிசையில் மோதியது இன்னொன்றில் மோதாது. உங்களுக்கு வந்தது சின்னச் சாவிகளின் சேறு. அது எல்லா வரிசையிலும், எல்லாக் கட்டத்திலும் படிந்து கிடக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடியில் பாதியைச் சில பெரிய பொருள்கள் எடுத்துக்கொண்டன என்று வைப்போம். மீதி 50 லட்சம் சின்னவற்றில் சிதறிக் கிடக்கிறது. 50 லட்சத்தை 2,719-ஆல் வகுத்தால் கட்டத்துக்கு 1,839. அது வரிசைக்கு வரிசை நூறு இருநூறு கூடும், குறையும், அவ்வளவுதான். ஐந்து வரிசையில் மிகச் சிறியதை எடுத்தால் 1,730, பத்தில் எடுத்தால் 1,690. முப்பது வரிசை போட்டாலும் 1,600-ஐ ஒட்டித்தான் நிற்கும். நினைவகம் ஆறு மடங்கு ஆகியிருக்கும்.

அதே பத்து வரிசைக்கான நினைவகத்தில் ஐந்து வரிசையும் 5,438 அகலமும் வைத்திருந்தால் 900-க்குக் கீழே வந்திருக்கும். வரிசை கூட்டினால் உத்தரவாதம் தவறும் வாய்ப்புதான் குறையும். பிழையின் அளவு குறைய வேண்டுமானால் அகலம்தான் வேண்டும்.

இன்னொன்று. அந்த உத்தரவாதமே இந்த அகலத்துக்கு ஒரு கோடியில் 10,000 வரை மிகையாகக் காட்டலாம் என்றுதான் சொல்கிறது. பிழை மொத்த எண்ணிக்கையோடு வளர்கிறது, சாவியின் எண்ணிக்கையோடு அல்ல. 4 லட்சம் முறை வந்த பொருளுக்கு 1,730 கூடினால் யாருக்கும் தெரியாது. 3 முறை வந்ததற்கு 1,733 என்று காட்டினால் அது பொய். நான் எப்போதும் ஓட்டத்தில் வரவே முடியாத சில சாவிகளை வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பேன். அவற்றுக்கு வருகிற எண்தான் சேற்றின் ஆழம். அதைவிடச் சில மடங்கு பெரியதாக இல்லாத எந்த எண்ணையும் திரையில் காட்ட மாட்டேன்.

புதிய_வாசகர்

எனக்கு ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு பயனர்கள் வந்தார்கள் என்று வேண்டும். பூஜ்யம் இல்லாத கட்டங்களை எண்ணினால் வருமா? என் அட்டவணையில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, எப்போது பார்த்தாலும் அகலத்தின் எண்ணே விடையாக வருகிறது.

அகலம்முக்கியம்

அது வேறு கேள்வி. அதற்கு ஹைப்பர்லாக்லாக் பாருங்கள். இங்கே கட்டங்கள் நிரம்புவது இயல்புதான்.

இரண்டுசெயலி

இரவுப்பணியின் நிரலில் `hash(key)` என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுடையதில் வரிசைக்கு வரிசை சீடு ஒழுங்காகக் கலந்திருந்தது, ஆனால் அடியில் பைத்தானின் அதே `hash`. இரண்டு இயந்திரத்தில் தனித்தனி ஸ்கெட்ச், முடிவில் கட்டத்துக்குக் கட்டம் கூட்டி ஒன்றாக்க வேண்டும். கூட்டினோம். வரிசையின் மொத்தத்தைச் சரிபார்த்தோம், இரண்டு இயந்திரத்தின் நிகழ்வுகளும் சேர்ந்து அப்படியே இருந்தது. எல்லாரும் நிம்மதியானோம்.

அப்புறம் பதிவுக் கோப்பில் நேரடியாக எண்ணி வைத்திருந்த ஒரு சாவியைக் கேட்டால், உண்மையில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம்தான் வருகிறது. குறைவு! ஒருபோதும் குறைத்துச் சொல்லாது என்பதுதானே இதன் பெருமை. அந்த எண்ணைப் பார்த்து நின்ற நிமிடம் மறக்காது.

பைத்தான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் செயலிக்குச் செயலி மாறும், இயல்பிலேயே அப்படி. முதல் இயந்திரம் அந்தச் சாவியை ஒரு கட்டத்திலும் இரண்டாவது இன்னொரு கட்டத்திலும் எண்ணியிருக்கிறது. கேட்கும்போது முதலாவதன் எண்ணும் இரண்டாவதன் சேறும் சேர்ந்து வந்தன. வரிசையின் மொத்தம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் எங்கே விழுந்தாலும் மொத்தம் மாறாது. `PYTHONHASHSEED` ஒன்றாக வைத்தாலும் தீரும், நாங்கள் சீடு கொடுக்கக்கூடிய வேறு ஹாஷுக்கே மாறிவிட்டோம்.

பெயரோடுஎண்ணு

நான் ஒரு முறை இந்த ஸ்கெட்சைப் பட்டியலுக்குப் பயன்படுத்தி, ஹீப்பில் பழைய எண் தங்கிவிட்டதால் வரிசைமுறை தவறி வந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் மேலே எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதிகம் வருகிற 20 வேண்டும் என்றால் ஸ்கெட்ச் எதற்கு? ஸ்கெட்சுக்குச் சாவியின் பெயரே தெரியாது. அதனால்தான் பக்கத்தில் ஹீப் வைக்க வேண்டியிருக்கிறது, இந்தப் பேய்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

ஸ்பேஸ்-சேவிங் எடுங்கள், அதுவும் 2005-இல் வந்ததுதான். 1,000 கவுண்டர், ஒவ்வொன்றிலும் சாவியின் பெயரும் எண்ணும். தெரிந்த சாவி வந்தால் ஒன்று கூட்டுங்கள். தெரியாதது வந்தால் மிகச் சிறிய எண் வைத்திருப்பவரை வெளியேற்றி, அந்த எண்ணோடு ஒன்று கூட்டிப் புதியவருக்குக் கொடுங்கள். அந்தச் சிறிய எண்ணைப் பிழை என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு கோடி நிகழ்வில் பிழை 10,000-ஐத் தாண்டாது, அதாவது நீங்கள் 13,595 கட்டம் வைத்து வாங்கிய அதே உறுதி, அதுவும் வாய்ப்புக்கு விடாமல். 10,000-க்கு மேல் வந்த எந்தச் சாவியும் பட்டியலில் இருந்தே தீரும். ஹாஷ் மோதல் பற்றிக் கவலையே இல்லை. சாவிக்குச் சாவி பிழை எவ்வளவு என்றும் தெரியும், அதை வைத்து யார் நிச்சயமாக உள்ளே, யார் சந்தேகம் என்று பிரித்துச் சொல்லலாம். இரவுப்பணி நாளைக்கே மாற்றிவிடலாம், அந்த ஹாஷைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இரவுப்பணி

நன்றி, ஆனால் மாற்ற முடியாது. பட்டியலில் இல்லாத சொல்லுக்கும் எண் கேட்கிறார்கள். தவிர, மணிக்கு ஒரு ஸ்கெட்ச் வைத்து, 24 மணி நேரத்துக்கு முந்தையதை மொத்தத்திலிருந்து கட்டத்துக்குக் கட்டம் கழிக்கிறோம். ஸ்பேஸ்-சேவிங்கில் அப்படிக் கழிக்க வழியில்லை.

அகலம்முக்கியம்

வெறும் பட்டியல் மட்டும் என்றால் பெயரோடுஎண்ணு சொல்வதுதான் சரி, நானும் அதைத்தான் எடுப்பேன். கழிப்பது இருக்கிறது என்றால் ஸ்கெட்ச்தான். ஆனால் கழித்த பிறகு ஹீப்பில் இருக்கிற 20 பேரையும் மறுபடி கேட்டு எண்ணைப் புதுப்பிக்கிறீர்களா? அதோடு, நேற்றைய பெரியவர்கள் இறங்கியதும் மேலே வர வேண்டியவர் ஹீப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். அவர் மறுபடி ஒரு முறை வந்தால்தான் உள்ளே வர முடியும்.

இரண்டுசெயலி

எங்களுக்கு அதே சிக்கல் இயந்திரங்களைச் சேர்க்கும்போது. ஒவ்வொன்றிலும் 21-ஆவதாக நிற்கிற சாவி, எல்லாவற்றையும் கூட்டினால் முதல் ஐந்துக்குள் வரலாம், ஆனால் எந்த ஹீப்பிலும் அதன் பெயர் இல்லை. 20 காட்ட 200 பேர் கொள்கிற ஹீப் வைக்கிறோம், இதுவரை போதுமாக இருக்கிறது. 200 எப்போது போதாமல் போகும் என்று கணக்கு வைத்துச் சொல்ல யாராவது முயன்றிருந்தால் எழுதுங்கள்.