கலைச்சொல்: தன்னைத்தானே கற்பிக்கும் செய்திக்கு என்ன பெயர்?

மலர்:
அன்புள்ள குழுவினருக்கு,
வேற்றுலக உயிர்களை மனிதர்கள் முதன்முதலாக எதிர்கொள்ளும் கதைகள் சிலவற்றை மொழிபெயர்த்து வருகிறேன். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு கருத்துக்குச் சொல் அமையவில்லை. இரு தரப்புக்கும் பொதுமொழி கிடையாது, இடையில் நின்று எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. அந்த நிலையில், தன்னை எப்படிப் படிப்பது என்பதைத் தானே கற்றுக்கொடுத்தபடி நீளும் செய்தி அது. ‘பயிற்றுமொழி’ பொருந்தியிருக்கும், ஆனால் அதைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போதைக்குத் ‘தன்விளக்கச் செய்தி’ என்று போட்டிருக்கிறேன்.

சேகர்:
‘மொழிபெயர்ப்பி’ என்று வைக்கலாமே? காதில் மாட்டிக்கொண்டால் எந்த மொழியும் புரியும் கருவிதானே கேட்கிறீர்கள்?

மலர்:
இல்லை சேகர், கருவி அல்ல. அந்தக் கருவி வரும் கதைகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

பாரி:
‘கணிதமொழி’ போதும். 1974-இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பிய செய்தியில் 1679 துடிப்புகள். 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கல் அது. பெறுபவர் அதைச் செவ்வகமாக அடுக்கினால் படம் தெரிந்துவிடும். எண்கள் எங்கும் ஒன்றே என்பதால் பொதுமொழிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

இளங்கோவன்:
பாதி வழிக்கு பாரி சொல்வது சரி. ஆனால் துடிப்புகளைப் படமாக அடுக்க வேண்டும் என்று அந்தச் செய்தி எங்கும் சொல்லவில்லை. அடுக்கினாலும், புள்ளிகளால் ஆன ஓர் உருவத்தை உடலாகக் காண்பது கண்ணுள்ளவரின் பழக்கம்.

மலர் கேட்பதற்கு நெருங்கிய முயற்சி, டச்சுக் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டெந்தால் 1960-இல் வெளியிட்ட ‘லிங்கோஸ்’. வானொலித் துடிப்புகளால் எண்ணில் தொடங்கி, சமன், கூட்டல் என்று ஏறுகிறது. பிறகு Ha, Hb என்ற இருவர் பேசிக்கொள்கிறார்கள். சற்று எளிமையாக்கித் தருகிறேன்:

```
Ha Inq Hb ?x 4x=10
Hb Inq Ha 10/4
Ha Inq Hb Mal
Hb Inq Ha 1/4
Ha Inq Hb Mal
Hb Inq Ha 5/2
Ha Inq Hb Ben
```

Inq என்றால் ஒருவர் மற்றவரிடம் சொல்வது. Ben நன்று, Mal நன்றன்று. 1/4 தவறான விடை, ஆனால் 10/4 சரியான விடைதான். அதற்கும் Mal கிடைக்கிறது, ஏனெனில் Ha சுருக்கிய பின்னத்தை எதிர்பார்க்கிறார். உண்மை வேறு, நன்று வேறு என்பதைக் காட்டவே இந்த இடம். எண்கள் நம்மை இதுவரை கொண்டுவந்து விடுகின்றன. சுருக்கிய பின்னத்தில் எந்த அழகையும் காணாத ஓர் உயிர் இதைப் படித்தால், Hb தாழ்ந்தவர், அவருடைய முதல் பதில்களை மறுப்பதே மரபு என்றுகூட முடிவுகட்டலாம். அந்த வாசிப்பையும் இந்த வரிகள் தடுக்கவில்லை.

அதனால்தான் ‘தன்விளக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. எந்தச் செய்தியும் தன்னைத் தானே விளக்கிக்கொள்வதில்லை. தொல்காப்பியர் உரியியலில் ‘பொருட்குப்பொருள் தெரியின் அதுவரம் பின்றே’ என்கிறார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டுக்கொண்டே போனால் எல்லை கிடையாது. ஒரு நூற்பா தள்ளி ‘உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே’ என்கிறார். புரிதலின் வாசல் கேட்பவரின் வலிமையைப் பொறுத்தது. ஆகவே ‘வாயில்மொழி’ என்பது என் பரிந்துரை.

செல்வி:
காது கேளாத, எந்த மொழியும் அறியாமல் வந்துசேரும் குழந்தைகளுடன் வேலை செய்கிறேன். புரிந்ததா என்று சைகையில் கேட்டால் தலையாட்டுவார்கள். அது புரிந்ததற்கு அடையாளமில்லை, நம் முகத்தைப் பார்த்து ஆட்டுவது. சிவப்புப் பந்தை எடு என்று சைகை செய்து, அவர்கள் சிவப்புக் கட்டையை எடுக்கும்போதுதான் எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிகிறது. இளங்கோவன் ஐயா காட்டிய உரையாடலிலும் Hb-யின் தப்பான பதில்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஆனால் அந்தத் தப்பு எழுதி வைத்த தப்பு. வேற்றுலகத்தவர் செய்யும் தப்பைத் திருத்த அங்கே யார் இருக்கிறார்கள்?

இளங்கோவன்:
யாருமில்லை அம்மா. அரெசிபோ செய்தி போகும் விண்மீன் கூட்டம் ஏறக்குறைய 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அவர்கள் பதில் சொன்னாலும் நமக்கு எட்ட 50,000 ஆண்டு ஆகும். நேருக்குநேர் சந்திக்கும் கதைகள் வேறு வகை. அங்கே பொருளைக் காட்டலாம், தப்பாகச் சொல்லிப் பார்க்கலாம், எதிரிலிருப்பவர் மறுக்கலாம். மலர், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள்.

பாரி:
தப்பாகப் படிக்க முடியும் என்பதால் கணிதம் பொது இல்லை என்றாகிவிடாது. 10/4-உம் 5/2-உம் சமம் என்பதை அவர்களும் மறுக்க மாட்டார்கள். என் ஓட்டு இன்னும் ‘கணிதமொழி’க்குத்தான், குறைந்தது லிங்கோஸின் முதற்பகுதிக்காவது. மேலும் ‘வாயில்மொழி’யை வேகமாகப் படித்தால் ‘வாய்மொழி’ ஆகிவிடும்.

மலர்:
அந்தக் குழப்பம் எனக்கும் தட்டியது. இன்னொன்று: அகப்பாடல்களில் பாணனும் தோழியும் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே செல்லும் ‘வாயில்கள்’. என் கதைகளிலோ இடையில் செல்ல ஒருவரும் இல்லை என்பதுதான் சிக்கல். தொலைவிலிருந்து வரும் செய்திக்கு ‘வாயிற்செய்தி’ என்றும், நேரில் தட்டித் தடவிக் கற்பதற்கு ‘எதிர்மொழிப் பயிற்சி’ என்றும் இரண்டு அத்தியாயங்களில் போட்டுப் பார்க்கிறேன். ‘எதிர்மொழி’ எதிர்ப்பது போல ஒலிக்கிறதா என்று சொல்லுங்கள்.

சேகர்:
ஒலிக்கிறது. ‘நேர்மொழி’?