ஆல்-பாஸ் ஃபில்டர்: லெவல் மாறல, வடிவம் மட்டும் ஏன் மாறுது?

புதுக்கம்பி:
ஓப்-ஆம்ப்ல ஒரு ஆல்-பாஸ் ஃபில்டர் கட்டியிருக்கேன். 16 கிலோ ஓம், 10 நானோ ஃபாரட், சப்ளை ±12 வோல்ட். சைன் அலையை 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், லெவல் அசையல. ஆனா ±5 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தா ஒவ்வொரு விளிம்புலயும் ஊசி மாதிரி கிளம்பி, உச்சி வெட்டுப்படுது. எல்லாத்தையும் அப்படியே விடுற ஃபில்டர் இப்படிச் செய்யுமா?

செவிவழி:
செய்யாது. லெவல் மாறலன்னா அலையும் மாறாது. 1 கிலோஹெர்ட்ஸ்ல 90 டிகிரி ஃபேஸ் திரும்பும், அவ்வளவுதான். அது வெறும் தாமதம். ஓப்-ஆம்ப் ஆசிலேட் ஆகுதான்னு பாருங்க, சப்ளை காலுக்குப் பக்கத்துல கெப்பாசிட்டர் இருக்கணும்.

அலைமானி:
சர்க்யூட்ல தப்பு இல்ல தம்பி, அது செய்ய வேண்டியதைத்தான் செய்யுது. ஓப்-ஆம்ப்போட பிளஸ் காலைப் பாருங்க. அங்க ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு லோ-பாஸ். அது இரண்டு மடங்காகுது, அதுல இருந்து உள்ளே வந்த சிக்னல் கழியுது:

```
y = 2·LP(x) − x
```

சதுர அலை −5ல இருந்து +5க்குத் தாவுற நொடியில கெப்பாசிட்டர் வோல்டேஜ் தாவ முடியாது. கழிக்கிற பக்கம் மட்டும் உடனே தாவும். அதனால வெளியே 10 வோல்ட் எதிர்த்திசையில விழும், பிறகு சுமார் 160 மைக்ரோ விநாடி கால மாறிலியோட மெல்ல ஏறும். உங்க அதிர்வெண்ணுக்குக் கணக்குப் போட்டா உச்சம் உள்ளீட்டைப் போல 2.83 மடங்கு, அதாவது 14 வோல்ட்டுக்கு மேல. ±12 சப்ளையில அது எப்படி வரும்? 2 வோல்ட் கொடுத்துப் பாருங்க. வெட்டு இல்லாம 5.7 வோல்ட் ஊசி தெரியணும். ஆசிலேஷனா இருந்தா இப்படி லெவலோட சேர்ந்து அளவா குறையாது.

செவிவழி, "வெறும் தாமதம்"னு சொன்ன இடத்துலதான் சிக்கல். 1 கிலோஹெர்ட்ஸ்ல 90 டிகிரின்னா 250 மைக்ரோ விநாடி. மூணாவது ஹார்மோனிக் 143 டிகிரி திரும்புது, ஆனா 3 கிலோஹெர்ட்ஸுக்கு அது 133 மைக்ரோ விநாடிதான். அஞ்சாவதுக்கு 87. அதே ஹார்மோனிக்குகள், அதே உயரம், ஆனா புறப்பட்ட நேரத்துல கூடி நிக்கல. விளிம்புங்கிறதே அவை எல்லாம் ஒண்ணா கூடுறதுலதான் இருக்கு.

செவிவழி:
சரி, தாமதம்னு சொன்னது தப்புதான். அப்போ எல்லா ஹார்மோனிக்குக்கும் ஒரே 90 டிகிரி கொடுத்துட்டா? குரூப் டிலே ஒரே அளவா இருந்தா வடிவம் பிழைக்கும்னுதானே சொல்வாங்க.

அலைமானி:
பிழைக்காது. ஃபேஸ் கோட்டோட சரிவுதான் குரூப் டிலே. எல்லாத்துக்கும் 90 டிகிரின்னா சரிவே இல்ல, குரூப் டிலே பூஜ்யம், ஆனா சதுர அலை விளிம்புகள்ல கூர்முனை எழுந்த வேறொரு அலையாயிடும். கோடு நேரா இருந்தா மட்டும் போதாது, நீட்டினா பூஜ்யத்துல (இல்ல முழுச் சுற்றுல) போய்ச் சேரணும். அரைச் சுற்றுல சேர்ந்தா வடிவம் பிழைக்கும், ஆனா தலைகீழா நிக்கும். குரூப் டிலே சொல்றது, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்கள் சேர்ந்த ஒரு துடிப்போட உறை எவ்வளவு தாமதமா வருதுன்னு. இந்த ஃபில்டர்ல அது தாழ்வுல 0.32 மில்லி விநாடி, 1 கிலோஹெர்ட்ஸ்ல பாதி, 3 கிலோஹெர்ட்ஸ்ல பத்துல ஒண்ணு.

கோன்மேளம்:
என் ஸ்பீக்கர் கதையும் இதுதான் போல. 24 டெசிபெல் லின்க்விட்ஸ்-ரைலி கிராஸோவர் போட்டேன். ரெண்டு டிரைவரும் சேர்ந்து அளவு நேர்கோடா இருக்கு, ஆனா மைக்ல சதுர அலை சாய்ஞ்சு கோணலா வருது. ட்வீட்டர் பழுதுன்னு ரெண்டு மாத்திட்டேன்.

அலைமானி:
ட்வீட்டர் மேல பழி வேண்டாம். அந்தக் கிராஸோவர் ரெண்டு கிளையும் கூட்டினா கிடைக்கிறதே இரண்டாம் படி ஆல்-பாஸ்தான்.

செவிவழி:
காதுக்குத் தெரியாதுன்னா ஸ்கோப்பைப் பார்த்து ஏன் கவலைப்படணும்? பிளாவர்ட்டும் லாஸும் 1978ல சோதிச்சப்போ, 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல 1 மில்லி விநாடி அளவு குரூப் டிலே வேறுபாடு வந்தாதான் காது கண்டுபிடிச்சது. இவர் ஃபில்டர் மொத்தமே 0.32.

அலைமானி:
அதை ஒத்துக்கறேன், இந்த ஒரு ஃபில்டருக்கு. ஆனா பல படிகள் அடுக்கினா தாமதம் கூடும். காது கேட்காட்டியும் உச்சம் சப்ளையை முட்டினா வெட்டுப்படும், அந்த வெட்டு கேட்கும். அதோட, ஆல்-பாஸ் எப்பவும் உச்சத்தை உயர்த்தும்னும் இல்ல. வானொலி நிலையங்கள்ல பேச்சோட ஒருபக்க உச்சத்தைத் தணிக்கவே இதை வைக்கிறாங்க.

கோன்மேளம்:
மேளம் மாதிரித் தட்டுற ஒலியில எனக்கு வித்தியாசம் கேட்குது, ஹெட்போன்ல.

செவிவழி:
எது எதுன்னு தெரியாம கேட்டுச் சொல்லுங்க, அப்போ நம்பறேன்.

புதுக்கம்பி:
2 வோல்ட் கொடுத்தேன். ஊசி 5.6 வோல்ட், வெட்டு இல்ல. விளிம்பு மேலே போகும்போது ஊசி கீழேதான் இறங்குது. அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கினா ஊசி 6 வோல்ட், நடுவுல சமதளமா 2 வோல்ட்ல நிக்குது.