மூலத்தையும் மீற்றரையும் இடம்மாற்றினால் வாசிப்பு ஒன்றாக வரவில்லை, உதவி தேவை

உவர்மலை_மாணவி
ரெசிப்ரொசிற்றி தேற்றத்தைச் சரிபார்க்கும் செய்முறை. நாளை பதிவேடு ஒப்படைக்க வேண்டும். மூன்று தடைகளை டி வடிவில் பிரெட்போட்டில் குத்தியிருக்கிறேன். இடப்பக்கம் 6 வோல்ற் கொடுத்து வலப்பக்கம் மீற்றரை வைத்தால் 3.00 வருகிறது, இரண்டையும் இடம்மாற்றினால் 1.88. ஒன்றாக வரவேண்டுமே! மூன்று தடவை கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டேன், அதே எண்கள்தான். எங்கே பிழை விட்டேன்?

உப்புவெளி_ரேடியோ
தடைகள் என்ன பெறுமதி? பற்றரியா, அடப்ரரா? ஒன்றும் சொல்லாமல் எப்படிச் சொல்வது தங்கச்சி. என் கணிப்பு, தங்கக் கோடு போட்ட தடைகளாக இருக்கும், ஐந்து வீதம் கூடிக்குறையும். ஒவ்வொன்றையும் தனியே அளந்து பாருங்கள்.

பழைய_மின்வேலையாள்
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல் தடவையல்ல. தேற்றம் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு மேசைக்குப் போனால் பாதி நேரம் மிச்சமாகும். நேரியல் சுற்று எதுவானாலும் இது பொருந்தியே தீரும். பொருந்தவில்லை என்றால் பிரெட்போட்டில் தொடுகை சரியில்லை, வேறு காரணம் கிடையாது.

கிண்ணியா_கரை
எனக்கும் இதே பிரச்சினை. படகில் பற்றரியில் வைத்தால் 12.6, பின்பக்க விளக்கடியில் வைத்தால் 11.4. மீற்றர் பழுதா?

ஆய்வுகூட_அக்கா
கிண்ணியா அண்ணை, உங்களுடையது வேறு கதை. விளக்கு எரியும்போது வயரிலும் இணைப்பிலும் விழுகிற வோல்ற்றளவு அது. உப்புக்காற்றில் பச்சை பிடித்த முனைகளைச் சுரண்டிப் பாருங்கள், மீற்றரைக் குறை சொல்ல வேண்டாம்.

தங்கச்சி, 3.00 என்பது எதன் 3.00? வோல்ற்றா, மில்லியம்பியரா?

உவர்மலை_மாணவி
வோல்ற். மீற்றர் 20 வோல்ற் வீச்சில் இருக்கிறது. இடக்கை 1 கிலோ ஓம், வலக்கை 2.2 கிலோ, நடுவில் கீழே இறங்குவது 1 கிலோ. நாலு பென்ரோர்ச் பற்றரி, அளந்தால் 6.0. ஆனால் பக்கத்து மேசையில் இதே முறையில்தான் செய்தார்கள், அவர்களுக்கு 3.00, 3.00 என்று சரியாக வந்தது.

ஆய்வுகூட_அக்கா
அவர்கள் மூன்றும் 1 கிலோ போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் இணைப்பில் பிழையே இல்லை. 3.00, 1.88 இரண்டும் அந்தச் சுற்றுக்குச் சரியான வாசிப்புகள். இடப்பக்கம் மூலம் இருக்கும்போது வலப்பக்கம் வோல்ற்றுமானி, அது மின்னோட்டத்தை விடாது, அதனால் 2.2 கிலோவில் ஒன்றும் ஓடவில்லை. 6 வோல்ற் இரண்டு 1 கிலோக்களில் பாதி பாதியாகப் பிரிந்து 3. மாற்றிய பிறகு இடக்கையில் ஒன்றும் ஓடாது. 6 வோல்ற் 2.2க்கும் 1க்கும் பிரிகிறது, 6-ஐ 3.2ஆல் வகுத்தால் 1.875. மூலம் இருந்த கிளை மூடியது, வோல்ற்றுமானி இருந்த கிளை திறந்தது. மாற்றி வைக்கும்போது எது மூடியது, எது திறந்தது என்பதும் சேர்ந்து மாறிவிடுகிறது, நீங்கள் ஒப்பிட்டது இரண்டு வேறு சுற்றுகளை.

வோல்ற்று மூலத்துக்குச் சோடி அம்பியர்மானி. இரண்டுமே கிட்டத்தட்ட குறுஞ்சுற்று, அதனால் இடம்மாறினாலும் வலையமைப்பு அப்படியே இருக்கும். உங்கள் பெறுமதிகளுக்கு எந்தப் பக்கம் இருந்து கணக்கிட்டாலும் 1.11 மில்லியம்பியர் வரவேண்டும்.

பக்கத்து மேசைக்குப் பொருந்தியதற்குக் காரணம் இரண்டு கைகளும் சமமாக இருந்தது. அப்படி இருந்தால் பிழையான முறையும் சரி போலக் காட்டும். சமச்சீர் சுற்றில் இந்தச் சோதனையைச் செய்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ரேடியோ அண்ணா சொன்ன ஐந்து வீதம் இங்கே பொருட்டல்ல. 1 கிலோ உண்மையில் 1.3 ஆக இருந்தாலும் போகும்போதும் வரும்போதும் அதே தடைதானே. கணித்த 1.11 மாறலாம், இரண்டு வாசிப்பும் ஒன்றோடொன்று பொருந்துவது மாறாது.

உப்புவெளி_ரேடியோ
அது சரிதான், யோசிக்கவில்லை. ஆனால் பற்றரியின் உள்தடையை விட்டுவிட்டீர்களே. அது இளைத்திருந்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு சுமை.

ஆய்வுகூட_அக்கா
உண்மைதான், ஆனால் அது சில ஓம். 3.00க்கும் 1.88க்கும் இடையிலான இடைவெளியை அது தராது.

உவர்மலை_மாணவி
2000 மைக்ரோ அம்பியர் வீச்சில் வைத்தேன். 1.07, மாற்றினால் 1.05. கிட்ட வந்துவிட்டது, ஆனால் 1.11 இல்லை, ஒன்றாகவும் இல்லை.

பழைய_மின்வேலையாள்
நான் சொன்ன தொடுகைதான்.

ஆய்வுகூட_அக்கா
தொடுகை என்றால் வாசிப்பு ஆடும். இவருக்கு நிலையாக நிற்கிறது. மலிவு மீற்றர்கள் பெரும்பாலும் முழு வீச்சில் 200 மில்லிவோல்ற் எடுத்துக்கொள்ளும், 2 மில்லியம்பியர் வீச்சுக்கு அது 100 ஓம். அந்த 100 ஓமை வலக்கையில் சேர்த்துக் கணக்கிட்டால் 1.071, இடக்கையில் சேர்த்தால் 1.049. உங்கள் எண்களேதான். 20 மில்லியம்பியர் வீச்சில் அது 10 ஓம்தான், வித்தியாசம் மிகவும் சிறுத்துவிடும், ஆனால் இலக்கமும் ஒன்று குறையும்.

நான் செய்வது வேறு வழி. இரண்டு கைகளிலும் ஆளுக்கு ஒரு 100 ஓம் தடையை நிரந்தரமாகக் குத்திவிடுங்கள். மூலம் வரும் பக்கம் பற்றரி, மற்றப் பக்கத்தை ஒரு வயரால் மூடி, அந்தப் பக்கத்து 100 ஓமின் குறுக்கே 200 மில்லிவோல்ற் வீச்சில் அளவுங்கள். மீற்றர் இப்போது தொடராக இல்லை, அதனால் சுற்றைக் கலைக்காது. இரண்டு பக்கமும் 101 மில்லிவோல்ற் அளவில் வரவேண்டும். அந்த இரண்டு 100 ஓமும் ஒன்றுக்கொன்று சமமா என்று மட்டும் முதலில் அளந்து கொள்ளுங்கள், இங்கே ஐந்து வீதம் வாசிப்பில் நேரே தெரியும். மின்னோட்ட வீச்சில் விட்டபடி பற்றரி முனைகளைத் தொட்டுவிட வேண்டாம், பியூஸ் போய்விடும்.

மூதூர்_மின்னியல்
மேலே ஒருவர் நேரியல் என்றாலே பொருந்தும் என்றாரே, அது பிழை. ட்ரான்சிஸ்ரர் அம்ப்ளிஃபயரைச் சிறு சைகைக்கு நேரியலாகத்தான் எடுக்கிறோம். முன்பக்கம் கொடுத்தால் பின்பக்கம் பெருகி வரும், பின்பக்கம் கொடுத்தால் முன்பக்கம் ஏறத்தாழ ஒன்றும் வராது.

பழைய_மின்வேலையாள்
நான் சொன்னது தடைச் சுற்றை. அம்ப்ளிஃபயருக்குள் சார்பு மூலம் இருக்கிறது, அதை யார் இங்கே கேட்டார்கள்? முப்பது வருடம் இந்த வேலை செய்தவன் நான்.

மூதூர்_மின்னியல்
"எதுவானாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா, மேலே போய்ப் பாருங்கள். பரீட்சையில் சார்பு மூலம் உள்ள சுற்றைக் கொடுத்துத்தான் மடக்குவார்கள். படிக்கிற பிள்ளை அந்த வரியை எழுதிவிட்டால்?

உப்புவெளி_ரேடியோ
அக்கா, வோல்ற்றுமானியையே வைத்துக்கொண்டு மூலத்தை மின்னோட்ட மூலமாக்கினால் என்ன? 6 வோல்ற்றோடு 100 கிலோ தொடராக?

ஆய்வுகூட_அக்கா
செய்யலாம், அதுவும் சரியான சோடிதான். மூலம் இடப்பக்கம் இருந்தால் 58.8, வலப்பக்கம் இருந்தால் 58.1 மில்லிவோல்ற் என்று கணக்கு வருகிறது. 100 கிலோ முழுமையான மின்னோட்ட மூலம் ஆகாததால் அந்தச் சின்ன வித்தியாசம். 1 மெகா போட்டால் இன்னும் நெருங்கும், ஆனால் வாசிப்பு 6 மில்லிவோல்ற்றுக்கு இறங்கிவிடும். உங்கள் மீற்றர் அதை எவ்வளவு நம்பிக்கையாகக் காட்டும் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உவர்மலை_மாணவி
100 ஓம் போட்டேன். 101.3, 101.1. பக்கத்து மேசை மூன்றும் 1 கிலோதான். நன்றி அக்கா, எழுதப் போகிறேன்.

கிண்ணியா_கரை
முனையைச் சுரண்டினேன், 12.1.